தங்கக் கட்டியும் தோட்டத்துக் கதவும்

1988-89இல் ஜப்பான் அரசு ஒரு விசித்திரமான திட்டத்தை அறிவித்தது. அப்போது பிரதமராக இருந்தவர் நொபொரு தகேஷிதா. நாட்டிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சி, நகராட்சிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆளுக்கு 10 கோடி யென் கொடுக்கப்பட்டது. இதைச் செய், அதைச் செய்யாதே என்ற நிபந்தனை எதுவும் இல்லை. உங்கள் ஊரை எப்படி உயர்த்துவது என்று நீங்களே யோசித்துச் செலவழியுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அவாஜித் தீவில் இருந்த சுனா என்ற சிற்றூர் அந்தப் பணத்தைப் பிணையாக வைத்து, ஒரு நிறுவனத்திடமிருந்து சுமார் 63 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியை இரவல் வாங்கிக் காட்சிக்கு வைத்தது. கையால் தொட்டுப் பார்க்கலாம் என்றதும் கூட்டம் அலைமோதியது. பல ஆண்டுகள் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்தார்கள். பிறகு தங்கத்தின் விலை ஏறியது. ஏறிய விலைக்கு ஏற்றபடி பிணைத்தொகையும் கூடியது. கட்டுப்படியாகாமல் 2010இல் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தங்கத்தைத் தொட வந்தவர்களுக்கு அதன்பின் அங்கே வரக் காரணம் இல்லை.

நாகானோ மாநிலத்தில் ஒபுசே என்றொரு ஊர் இருக்கிறது. அதுவும் அதே பணத்தைப் பெற்றது. அதை நிதியாக ஒதுக்கி, உள்ளூர்க்காரர்களை அணி அணியாக ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அங்குள்ள சிற்றூர்களில் வீட்டு வாசலிலும் தெருவோரத்திலும் பூச்செடிகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. போனவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்தினர். திரும்பி வந்து தங்கள் வீட்டுத் தோட்டங்களில் கைவைத்தார்கள். 2000ஆம் ஆண்டில் 38 வீடுகள் தங்கள் தோட்டக் கதவைத் திறந்து, வழிப்போக்கர் யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று அறிவித்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. கட்டணம் கிடையாது.

இன்று ஒபுசேயின் மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம். ஆண்டொன்றுக்கு அங்கே வந்துபோகிறவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். ஊருக்கென்று பெரிய மலைக்கோட்டையோ கடற்கரையோ கிடையாது. பரப்பளவில் அது நாகானோ மாநிலத்திலேயே மிகச் சிறிய ஊர். மொத்தமே 19 சதுர கிலோமீட்டர்தான். இத்தனை பேர் ஏன் வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, ஊரின் மண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்ணில் இருந்தது

ஒபுசே வழியாக ஓடும் மட்சுகாவா ஆற்றின் நீர் அமிலத்தன்மை கொண்டது. அந்த ஆறு கொண்டுவந்து பரப்பிய மண்ணும் அப்படியே. நெல்லுக்கு அது உகந்ததல்ல. ஆனால் செஸ்ட்நட் மரத்துக்கு நன்றாக ஒத்துப்போனது. முள் உருண்டைக்குள் பழுப்பு நிறத்தில் இருக்கும் இந்தக் கொட்டையை வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போல மாவாக இனிக்கும். ஒபுசேயின் செஸ்ட்நட் தரமானது என்ற பெயர் பழைய காலத்திலேயே பரவியிருந்தது. எதோ காலத்தில், அதாவது டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த நாட்களில், இது ஷோகன் ஆட்சியாளர்களுக்குக் காணிக்கையாகப் போனது. 1808இலேயே இங்கே செஸ்ட்நட் மாவில் இனிப்புச் செய்யும் கடை ஒன்று தொடங்கப்பட்டு, இன்றுவரை நடந்துவருகிறது.

இரண்டாவது சொத்து ஒரு விருந்தாளி விட்டுச் சென்றது. தகாய் கோசான் என்ற ஒபுசே வணிகர் பணக்காரர். அரிசி மது வடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். கியோட்டோவிலும் எதோவிலும் போய்ப் படித்தவர். கலைஞர்கள் மீதும் அறிஞர்கள் மீதும் தீராத ஈடுபாடு கொண்டவர். அவருடைய அழைப்பை ஏற்று, 1840களில் ஓவியர் ஹொகுசாய் ஒபுசேவுக்கு வந்தார். உலகம் முழுதும் தெரிந்த ‘பேரலை’ ஓவியத்தை வரைந்த அதே ஹொகுசாய்தான். அப்போது அவருக்கு 80 வயதைக் கடந்திருந்தது. தலைநகரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைவழி. கோசான் அவருக்கென்று ஓர் ஓவியக்கூடம் கட்டிக்கொடுத்தார்.

ஹொகுசாய் சும்மா தங்கிவிட்டுப் போகவில்லை. ஊர்த் திருவிழாவில் இழுக்கும் இரண்டு தேர்களின் உட்கூரைகளில் ஓவியம் தீட்டினார். ஒன்றில் டிராகனும் ஃபீனிக்ஸ் பறவையும்; மற்றொன்றில் சீறி எழும் அலைகள். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் கான்ஷோயின் கோயிலின் மேல்தளத்தை நிறைத்துக்கொண்டு ஒரு பெரிய ஃபீனிக்ஸ் பறவை இருக்கிறது. 1849இல் ஹொகுசாய் மறைந்தார். அதற்குச் சற்று முன்பு, தொண்ணூறை நெருங்கிய வயதில் அவர் உருவாக்கியது அந்த ஓவியம் என்று ஊரார் போற்றுகிறார்கள்.

ஆக, செஸ்ட்நட், ஹொகுசாய், பழைய வணிகக் குடும்பங்களின் தடித்த மண்சுவர்க் கிடங்குகள் என்று எல்லாமே நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒபுசேயில் இருந்தன. ஆனாலும் 1960களில் அந்த ஊரைத் தேடி யாரும் வரவில்லை. உள்ளூர் இளைஞர்களே ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மக்கள்தொகை 10 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. நல்ல பொருள் கையில் இருந்தால் போதும், ஊருக்குப் பெயர் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த நூறு ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும்.

போகும் ஓவியத்தைப் பிடித்து வைத்தார்கள்

1966இல் அந்தத் தேர்களின் ஓவியப் பலகைகள் சோவியத் யூனியனில் நடந்த ஹொகுசாய் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டன. வெளிநாட்டில் அவற்றுக்குக் கிடைத்த மதிப்பைப் பார்த்த பிறகுதான், திருவிழாவில் இழுத்துவிட்டுக் கொட்டகையில் தள்ளிவைக்கும் தேரில் என்ன இருக்கிறது என்பது ஊராருக்கே உறைத்தது. அதே வேகத்தில் வேறொன்றும் நடந்தது. நகரத்துக் கலைப்பொருள் வியாபாரிகள் ஒபுசேயின் பழைய வீடுகளைத் தேடிவந்து, பரணிலும் பெட்டியிலும் கிடந்த ஓவியங்களை விலைபேசி வாங்கிப்போகத் தொடங்கினார்கள். ஹொகுசாய் ஊருக்கு விட்டுச்சென்றவை ஒவ்வொன்றாக ஊரைவிட்டுக் கிளம்பின.

1969இல் ஊர்த்தலைவரானவர் இகுவோ இச்சிமுரா. கோசானின் வழிவந்த அதே மதுக் குடும்பம். செஸ்ட்நட் இனிப்பு வியாபாரமும் உண்டு. அவர் முதலில் கவனித்தது சுற்றுலாவை அல்ல, குறைந்துவரும் மக்கள்தொகையை. நாகானோ நகரம் ரயிலில் அரைமணி நேரத் தொலைவில் இருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் குடியேறும்படி, ஊரின் சார்பில் ஒரு மேம்பாட்டுக் கழகம் அமைத்து நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்றார். குடும்பங்கள் வந்தன. மனை விற்றதில் கிடைத்த வருவாய் ஓர் அருங்காட்சியகம் கட்டக் கைகொடுத்தது. 1976இல் ஹொகுசாய் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தேர்கள் இரண்டும் அங்கே வந்தன. வீடுகளில் இருந்த ஓவியங்களும் வெளியூர் போகாமல் அங்கே சேர்ந்தன.

வயலுக்கு நடுவே அருங்காட்சியகமா என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் குடியிருக்க ஆட்கள். பிறகு ஊரின் பொருளை ஊரிலேயே காப்பாற்ற ஓர் இடம். பார்வையாளர் மூன்றாவதாகத்தான் வந்தார். விளம்பரம் செய்து ஆட்களை வரவழைத்துவிட்டுப் பிறகு எதைக் காட்டுவது என்று தேடும் நிலை அவர்களுக்கு வரவில்லை.

நிலத்தை விற்காமல் மாற்றிக்கொண்ட கதை

அருங்காட்சியகம் வந்ததும் கூட்டம் வந்தது. கூடவே தொல்லையும் வந்தது. வருகிறவர்கள் ஹொகுசாயைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடுவார்கள். நடந்து சுற்றிப் பார்க்க ஊரில் ஒழுங்கான தெரு இல்லை. அருங்காட்சியகத்தைச் சுற்றி இருந்த பழைய வீடுகள் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தன. லாரிகளின் இரைச்சலில் அங்கே குடியிருப்பவர்கள் தூங்க முடியவில்லை. கடைக்காரர்களுக்கு வாகனம் நிறுத்த இடம் இல்லை. கோசானின் பழைய வீட்டை நினைவகமாக்க ஊராட்சி விரும்பியது. அந்த வீடோ மற்றக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது.

அந்தப் பகுதியின் உரிமையாளர்கள் ஐந்து தரப்பினர்: இரண்டு குடும்பங்கள், ஒரு செஸ்ட்நட் இனிப்பு நிறுவனம், ஒரு கூட்டுறவு வங்கிக் கிளை, ஊராட்சி. 1980களின் தொடக்கத்தில் இவர்கள் கட்டடக் கலைஞர் தடனாகா மியாமோட்டோவுடன் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். இனிப்பு நிறுவனத்தை அப்போது நடத்தியவர் இச்சிமுரா குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த சுகியோ. பின்னர் 2005இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொருவர் ஊர்த்தலைவர் ஆனார். பேச்சில் ஒரு விதி இருந்தது. ஊராட்சி என்பதால் அதிகக் குரல் கிடையாது. வீட்டுக்காரர் என்பதால் குறைந்த குரலும் கிடையாது. ஐவரும் சமம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பேசினார்கள்.

ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்று மேசைமேல் வைத்துப் பார்த்தபோது, ஒருவருடைய குறை இன்னொருவருடைய தேவையாக இருந்தது தெரிந்தது. வீட்டுக்காரர்களுக்கு அமைதியும் வெயிலும் வேண்டும். சாலையோர இடம் அவர்களுக்குச் சுமை. கடைக்கும் வங்கிக்கும் சாலையோர இடம் வேண்டும். உள்ளே ஒதுங்கிய நிலத்தால் பயன் இல்லை. எனவே நிலத்தை யாரும் யாருக்கும் விற்கவில்லை. மாற்றிக்கொண்டார்கள், சில இடங்களை ஒருவருக்கொருவர் வாடகைக்குக் கொடுத்தார்கள். வீடுகள் சாலையைவிட்டு உள்ளே நகர்ந்தன. கடைகளும் வங்கியும் முன்னால் வந்தன. சில பழைய கட்டடங்கள் இடிக்கப்படாமல் அப்படியே பெயர்த்து நகர்த்தப்பட்டன. புதிதாகக் கட்டியவை பழையவற்றின் கூரைச் சாய்வுக்கும் சுவர் நிறத்துக்கும் பொருந்தும்படி அமைந்தன.

தனித்தனியாக எல்லோருக்கும் வாகன நிறுத்தம் கட்டுவதற்குப் பதிலாக, நடுவில் ஒரு பொதுத் திடல் விட்டார்கள். சாதாரண நாட்களில் அங்கே வாகனங்கள் நிற்கும். திருவிழா நாட்களில் கொடிக்கம்பங்கள் ஏறும். கோசான் நினைவகத்தையும் ஹொகுசாய் அருங்காட்சியகத்தையும் இணைக்க ஒரு சந்து வேண்டியிருந்தது. அந்தச் சந்துக்குத் தார் போடவில்லை, கல்லும் பாவவில்லை. செஸ்ட்நட் மரத்தைச் சிறு கட்டைகளாக அறுத்து, வெட்டுமுகம் மேலே தெரியும்படி பதித்தார்கள். நடக்கும்போது காலுக்கு மெத்தென்று இருக்கும். அந்த ஊர் எதற்குப் பேர்போனது என்பது நடப்பவரின் காலடியிலேயே தெரிந்துவிடுகிறது, பெயர்ப்பலகை தேவைப்படவில்லை.

இந்த வேலை 1980களின் நடுவில் முடிந்தது. மொத்தம் ஒன்றரை ஹெக்டேர் சொச்சம் நிலம்தான். ஆனால் ஒபுசேக்கு வருபவர்கள் படம் எடுப்பது பெரும்பாலும் இந்தச் சிறு பகுதியைத்தான். கவனிக்க வேண்டியது, இதைச் செய்தவர்கள் பழைமையைப் பாதுகாக்கும் சட்டத்தைக் கையில் எடுக்கவில்லை. 1800களின் ஒபுசே எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டவும் இல்லை. அங்கே இன்றும் வீடு வீடாக, வங்கி வங்கியாகத்தான் இருக்கிறது. சொந்த வாழ்க்கையின் இடைஞ்சல்களைத் தீர்க்கப் போய், பார்க்க அழகான தெரு ஒன்று கிடைத்தது.

வெளிப்புறம் யாருக்குச் சொந்தம்?

ஐந்து தரப்பு சேர்ந்தால் ஒரு மூலையைத்தான் சீராக்க முடியும். மீதி ஊர்? இங்கேதான் ஒபுசே ஒரு பொதுக் கருத்தை உருவாக்கியது. வீட்டின் உட்புறம் நம்முடையது, வெளிப்புறம் எல்லோருடையது என்பது அது. சுவரின் உள்பக்கத்தில் நீங்கள் எந்த நிறம் பூசினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிப்பக்கத்தைத் தினமும் பார்ப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

1990இல் ஊர் அழகுக்கென்று ஒரு விதிமுறையை ஊராட்சி இயற்றியது. அதற்கு முன்பும் பின்பும் வீடு கட்டுபவர்களுக்கு வழிகாட்டிக் கையேடுகள் வெளியிட்டது. கூரை எப்படிச் சாயலாம், சுவருக்கு என்ன நிறங்கள் பொருந்தும், வேலி எதனால் அமைக்கலாம், இரவில் விளக்கு எந்த அளவு வெளிச்சம் தரலாம் என்றெல்லாம் அதில் இருந்தன. பெரும்பாலும் தண்டனை விதிப்பதற்குப் பதில் ஆலோசனை சொல்லி இணங்க வைக்கும் முறை. புதிதாகக் கட்டுபவர் வரைபடத்தோடு வந்தால் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவார்கள்.

இது ஏன் பலித்தது என்றால், விதி வருவதற்கு முன்பே கண்ணெதிரே ஒரு முன்மாதிரி நின்றது. கூரை இப்படி இருந்தால் நல்லது என்று தாளில் படிப்பவர், செஸ்ட்நட் சந்து வழியே நடந்துபோய் அதை நேரிலேயே பார்க்கலாம். விதியை முதலில் எழுதி, முன்மாதிரியைப் பிறகு தேடியிருந்தால் அந்தக் கையேடு அலமாரியில் தூங்கியிருக்கும்.

தோட்டக் கதவுகள் திறந்ததும் இதன் தொடர்ச்சிதான். வெளிப்புறம் எல்லோருக்கும் சொந்தம் என்று பத்து, பதினைந்து ஆண்டுகளாகப் பழகிவிட்ட ஊரில், தோட்டத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது பெரிய தாவலாகத் தோன்றவில்லை. வருகிறவருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. கடைத்தெருவோடு நின்றுவிடாமல், ஓர் ஊரின் குடியிருப்புப் பகுதி வழியே நடக்கிறார்; செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார். அதை எந்த விளம்பர நிறுவனமும் தயாரித்துத் தர முடியாது.

ஒரு மாதம் மட்டும் கிடைக்கும் இனிப்பு

செஸ்ட்நட் இனிப்பு எப்போதோ வெளியூர்களுக்குப் போகத் தொடங்கிவிட்டது. டப்பாவில் அடைத்தால் நாள்பட இருக்கும். டோக்கியோவின் கடைகளில்கூட வாங்கலாம். அப்படி வாங்குபவர் ஒபுசேவுக்கு ஏன் வர வேண்டும்?

இதற்கு ஒரு நிறுவனம் கண்ட விடை ‘சுசாகு’. புதிதாக அறுவடையான செஸ்ட்நட்டை வேகவைத்து, இனிப்பு மசியலின்மேல் இடியாப்பம் போல மெல்லிய இழைகளாகப் பிழிந்து தட்டில் வைத்துத் தருவார்கள். அன்று செய்ததை அன்றே, அந்தக் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை, ஏறக்குறைய ஒரு மாதம் மட்டும் கிடைக்கும். விடிந்ததும் ஆட்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்.

வெளியூருக்கு அனுப்பும் டப்பா ஊரின் பெயரைப் பரப்புகிறது; அனுப்ப முடியாத தட்டு ஆட்களை ஊருக்கு இழுக்கிறது. இரண்டும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பெயர் இருக்கும், வருகையாளர் இருக்க மாட்டார். இரண்டாவது மட்டும் இருந்தால் அப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

கோஷத்தை நம்பிய ஊர்

இதே ஜப்பானில் எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஹொக்கைடோ தீவில் இருக்கும் யூபாரி நிலக்கரிச் சுரங்க நகரம். 1960இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும், ‘நிலக்கரியிலிருந்து சுற்றுலாவுக்கு’ என்று நகராட்சி முழங்கியது. சுரங்க வரலாற்றைக் காட்டும் பூங்கா, ராட்டினங்கள், பனிச்சறுக்குத் திடல், ஹோட்டல், திரைப்பட விழா என்று அடுத்தடுத்துக் கட்டியது. பெரும்பகுதி கடன். வருகை எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குக் குறுகியகாலக் கடனை மாற்றிப்போட்டுப் பற்றாக்குறையை மறைத்தார்கள். 2006இல் குட்டு வெளிப்பட்டது. சுமார் 3,500 கோடி யென் அடைக்க வேண்டியிருந்தது. அப்போது ஊரில் இருந்தவர்கள் 13 ஆயிரம் பேர். மறுவருடம் மத்திய அரசின் மேற்பார்வைக்குள் போன நகராட்சி, வரியைக் கூட்டிப் பணியாளர்களையும் பள்ளிகளையும் குறைத்தது.

யூபாரிக்குச் சொத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஜப்பான் முழுதும் அதிக விலைக்குப் போகும் யூபாரி முலாம்பழம் அங்கேதான் விளைகிறது; சுரங்கத்தின் கதையும் உண்மையான கதைதான். சுரங்கம் மூடிய ஊரில் வேலையில்லாதவர்களைக் காப்பாற்ற ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடியும் நகராட்சிக்கு இருந்தது. கோளாறு அளவிலும் வரிசையிலும் இருந்தது. ஊரில் யாரும் தமக்காகப் பயன்படுத்தாத ஒன்றை, வரப்போகும் கூட்டத்தின் கணக்கை நம்பி, கடன் வாங்கிக் கட்டினார்கள். கூட்டம் வராதபோது அந்த ராட்டினத்தில் ஏற உள்ளூர்க்காரருக்கு எந்தத் தேவையும் இல்லை. ஒபுசேயில் நாளைக்கே வெளியூர்க்காரர் வருவது நின்றாலும், வீட்டுக்காரருக்கு இரைச்சல் இல்லாத வீடும், கடைக்காரருக்கு வாகனத் திடலும், பிள்ளைகளுக்கு நடக்கத் தெருவும் மிஞ்சும்.

ஒரு சிற்றூர் தன் திட்டத்தை உரசிப் பார்க்க இது நல்ல கேள்வி: ஒரு வருகையாளரும் வராவிட்டாலும் இந்தச் செலவை நாம் செய்திருப்போமா? பதில் ‘ஆம்’ என்றால் நட்டத்தின் அளவு குறைவு. ‘இல்லை’ என்றால், எத்தனை பேர் வந்தால் கட்டுப்படியாகும், அந்தக் கணக்கை யார் போட்டார்கள், பலிக்காவிட்டால் கடன் யார் தலையில் விழும் என்று மூன்று கேள்விகள் கூடவே வர வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால்

ஊர்ப்பெயரோடு ஒட்டிய தின்பண்டம் தமிழ்நாட்டில் ஏராளம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்ததை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. ஒபுசேயின் கணக்கில் பார்த்தால் இது டப்பா: பெயரைப் பரப்பும், பாதுகாக்கும், ஆனால் ஆளை ஊருக்குள் நடக்க வைக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொண்டால் அங்கே ஆண்டாள் கோயில் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் இருக்கிறது, சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் இருக்கிறது, பால்கோவா இருக்கிறது. சொத்துப் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒபுசேக்காரர் ஒருவர் அங்கே வந்தால் வேறு மாதிரிக் கேள்விகளைக் கேட்பார். கோயிலிலிருந்து பால்கோவாக் கடைக்கு ஒரு பாட்டி வெயிலில் நடந்து போக முடியுமா? வழியில் நிழல் உண்டா, உட்கார இடம் உண்டா? இரும்புக் கடாயில் பால் சுண்டுவதை வருகிறவர் பக்கத்தில் நின்று பார்க்க முடியுமா? அடுப்பிலிருந்து இறக்கியதும் சூடாகத் தட்டில் வாங்கிச் சாப்பிட முடியுமா, அல்லது அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவதுதான் வழக்கமா? அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு இப்போது எது தொல்லை. அதைத் தீர்த்தால் வருகிறவருக்கும் எது எளிதாகும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. ஊராட்சி அல்லது நகராட்சி ஆட்கள், இரண்டு கடைக்காரர்கள், அந்தத் தெருவில் வசிக்கும் இரண்டு குடும்பங்கள் என ஒரு சிறு குழு போதும். ஊருக்கு முதல்முறையாக வருகிற ஒருவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் பின்னால் நடந்து, எங்கே தயங்கி நிற்கிறார், எங்கே வழி கேட்கிறார், எப்போது கிளம்ப நினைக்கிறார் என்று குறித்துக்கொண்டால் ஒரே நாளில் வேலைப்பட்டியல் கிடைத்துவிடும். இலச்சினையும் வாசகமும் அந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வரும்.

தீராத கணக்குகள்

ஒபுசே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொன்னால் உண்மையாகாது. நாகானோவிலிருந்து அரைமணி நேரம் என்பது ஊரை வளர்த்தது. அதே வசதியால் வருகிறவர்களில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். தங்கும் விடுதிகள் குறைவு. மதிய உணவும் இனிப்பும் விற்கும் கடைகளுக்குக் காசு போகிறது. ஆப்பிள், திராட்சை விளைவிக்கும் விவசாயியின் வீட்டுக்கு அந்த அளவு போவதில்லை.

செஸ்ட்நட் பருவத்தில் குறுகிய சாலைகள் கார்களால் அடைபடுகின்றன. லாரி இரைச்சலுக்குத் தப்பி உள்ளே நகர்ந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகள், இப்போது வாரக்கடைசியில் வீட்டைவிட்டுக் கார் எடுக்க யோசிக்கிறார்கள். தோட்டக் கதவுகளைத் திறந்த தலைமுறைக்கு வயதாகிறது. குனிந்து களை பறிக்க முடியாதபோது அந்தத் தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வார் என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத் தீர வேண்டிய விஷயம். அது தன்னார்வத்தில் நடப்பதால் ஊராட்சி உத்தரவு போட்டு நடத்த முடியாது.

செஸ்ட்நட் சந்துக்கும் பராமரிப்பு உண்டு. மரக்கட்டை தாரைப் போல உழைக்காது. மழையிலும் பனியிலும் உளுத்துப்போகும் கட்டைகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதற்குச் செலவாகிறது. சிமென்ட் போட்டால் மலிவு என்ற வாதம் எந்த வரவுசெலவுக் கூட்டத்திலும் எழக்கூடியதுதான். இதுவரை கட்டையைத்தான் பதித்துவருகிறார்கள்.